மூன்று தூணும் சமமாகத் தாங்காது

காற்றோ நிலநடுக்கமோ ஒரு கட்டடத்தைப் பக்கவாட்டில் தள்ளினால், ஒவ்வொரு தளத்திலும் உள்ள தூண்கள் அந்த விசையைப் பங்கு போட்டுத் தாங்குகின்றன. ஒரு தளத்தின் தூண்கள் எல்லாம் சேர்ந்து தாங்க வேண்டிய இந்த மொத்த விசைக்குத் தள வெட்டுவிசை என்று பெயர். தூண்கள் ஒரே பருமன், ஒரே உயரம் என்றால் பங்கும் சமமாகத்தானே இருக்கும்? இருக்க வேண்டியதில்லை. தூணின் அடி எப்படிப் பிடிக்கப்பட்டிருக்கிறது என்பதும் அதைத் தீர்மானிக்கிறது.

இரும்புத் தூண்கள் நிற்கும் ஒரு ஷெட்டுக்குள் போனால் தூணின் அடியில் உள்ள பேஸ் பிளேட்டைக் குனிந்து பாருங்கள். சிலவற்றில் தூணின் நடுக்கோட்டில் இரண்டே ஆங்கர் போல்ட் இருக்கும். தூண் சாய முயன்றால் அந்தப் பிளேட் சற்றே எழும்பித் திரும்ப இடம் கொடுக்கும். இதைக் கீல் அடி என்பார்கள். வேறு சிலவற்றில் பிளேட் தடிமனாக இருக்கும். போல்ட்டுகள் தூணின் விளிம்புகளுக்கு வெளியே தள்ளி, இரு பக்கமும் நிற்கும். ஒரு பக்க போல்ட்டுகள் இழுத்துப் பிடிக்க, மறுபக்கத்துக் கான்கிரீட் தாங்கிக்கொள்வதால் அடி திரும்பாது. இது இறுகிய அடி.

இரண்டுக்கும் எவ்வளவு வித்தியாசம்? தூணின் மேல்முனையை விறைப்பான பீம் திரும்பவிடாமல் பிடித்திருக்கிறது என்று கொள்வோம். கீல் அடித் தூண், மேலிருந்து தொங்கும் முழு உயரக் கம்பியைப் போல வளைகிறது. இறுகிய அடித் தூணோ நடுவில் வளைவு திசைமாறி, இரண்டு அரை உயரத் துண்டுகளாக வளைகிறது. ஒரு முனை பிடிக்கப்பட்ட கம்பியின் நகர்வு அதன் நீளத்தின் மும்மடிக்கு ஏற்பக் கூடும். அதனால் பாதி நீளத் துண்டு எட்டில் ஒரு பங்குதான் நகரும். இரண்டு துண்டும் சேர்ந்து கால் பங்கு. அதாவது, அதே விசைக்கு நான்கில் ஒரு பங்கு நகர்வு, நான்கு மடங்கு விறைப்பு. கணக்கில் இது இறுகிய அடிக்கு 12EI/L³, கீல் அடிக்கு 3EI/L³ என்று வரும்.

இப்போது பங்கீட்டைப் பார்ப்போம். 3 மீட்டர் உயரத்தில் ஒரே மாதிரி மூன்று தூண்கள். பக்கவாட்டு விசை 9 டன். மூன்று அடியும் இறுகியிருந்தால் ஆளுக்கு 3 டன். ஒவ்வொரு தூணின் மேல்முனையிலும் அடியிலும் வளைதிருப்பம் 3 × 1.5, அதாவது 4.5 டன்-மீட்டர்.

ஒரு தூணின் அடி மட்டும் கீலாகிவிட்டால்? மேலே உள்ள பீம் மூன்றையும் ஒரே அளவுதான் நகரவிடும். ஒரே நகர்வுக்கு விறைப்பானது அதிக விசையை இழுத்துக்கொள்ளும் என்பதால், 9 டன் 4 : 4 : 1 என்று பிரிகிறது. கீல் தூணுக்கு 1 டன்; அதன் மேல்முனையில் 1 × 3 = 3 டன்-மீட்டர், அடியில் எதுவுமில்லை. மற்ற இரண்டுக்கும் 4 டன், இரு முனையிலும் 6 டன்-மீட்டர். கவனியுங்கள்: நாம் தொட்டது ஒரு தூணை, மூன்றில் ஒரு பங்கு கூடுதல் சுமை விழுந்தது, தொடாத இரண்டு தூண்கள் மேல். ஷெட்டின் பக்கவாட்டு நகர்வும் அதே அளவு கூடுகிறது.

கீல் அடியைக் குறைபாடாக நினைக்கக் கூடாது. அடியில் வளைதிருப்பம் இறங்காததால் ஃபுட்டிங் சிறியதாகிறது, தளர்ந்த மண்ணில் அது பெரிய லாபம். ஆனால் மூன்றையுமே கீலாக்கினால் பங்கு மறுபடி 3 டன்னாகச் சமமாகும். மேல்முனை வளைதிருப்பம் 9 டன்-மீட்டராகி இரட்டிக்கும். நகர்வு நான்கு மடங்காகும். அடியில் மிச்சமான செலவின் ஒரு பகுதி பீமுக்கும் மேல் இணைப்புக்கும் போகும்.

நிஜத்தில் எந்த அடியும் முழுக் கீலும் இல்லை, முழு இறுக்கமும் இல்லை. வரைபடத்தில் இறுகியதாகக் காட்டிய அடி, மென்மையான மண்ணில் உட்கார்ந்த சிறிய ஃபுட்டிங்கோடு சேர்ந்தே திரும்பிவிடலாம். பீமும் சற்று வளையும். அப்போது இரண்டு விறைப்புமே குறையும், கீல் தூணின் விறைப்பு இன்னும் வேகமாகக் குறையும்.

அதனால் சைட்டில் ஒரு ஆங்கர் போல்ட் இடம் மாறிவிட்டாலோ, ஃபுட்டிங்கைச் சிறிதாக்கச் சொன்னாலோ, அந்த ஒரு தூணை மட்டும் சரிபார்த்து நிறுத்திவிடாதீர்கள். வடிவமைத்த பொறியாளரிடம் சொல்லி, அந்தத் தளத்தின் எல்லாத் தூண்களுக்கும் பங்கை மறுபடி கணக்கிடச் சொல்லுங்கள்.