பெர்சென்ட்டா, பெர் சென்ட்டா?

2024 டிசம்பரில் பல நாடுகளின் மத்திய வங்கிகள் அடுத்தடுத்து வட்டி விகிதத்தை அறிவித்தன. அமெரிக்காவின் ஃபெடரல் ரிசர்வ், விகிதத்தைக் குறைத்து நாலேகாலுக்கும் நாலரைக்கும் இடையில் வைத்தது. ஆஸ்திரேலியாவின் ரிசர்வ் வங்கி 4.35-இலும் இந்திய ரிசர்வ் வங்கி 6.50-இலும் மாற்றமில்லாமல் விட்டன. இங்கிலாந்து வங்கி 4.75-இல் நின்றது. கனடா வங்கி 3.25-க்கு இறங்கியது.

பொருளாதாரம் படிப்பவர்கள் இந்த எண்களைப் பார்ப்பார்கள். எண்ணுக்குப் பின்னால் வருவதைப் பார்த்தால் வேறொரு செய்தி கிடைக்கும். ஐந்து வங்கிகளும் ஆங்கிலத்தில்தான் அறிவித்தன. அமெரிக்க அறிக்கையில் 'பெர்சென்ட்' என்று ஒரே சொல். இந்திய, ஆஸ்திரேலிய அறிக்கைகளில் நடுவே இடம் விட்டு 'பெர் சென்ட்' என்று இரண்டு சொல். இங்கிலாந்தும் கனடாவும் இந்த வம்பே வேண்டாம் என்று % குறியைப் போட்டுவிட்டன.

ஆங்கிலத்தில் விண்ணப்பமோ அறிக்கையோ ஆய்வுக் கட்டுரையோ எழுதும் யாருக்கும் இந்தக் கேள்வி ஒருநாள் வரும்: சேர்த்து எழுதுவதா, பிரித்து எழுதுவதா? இரண்டில் எதுவும் பிழையில்லை. ஆனால் எந்த ஊருக்கு, எந்த நிறுவனத்துக்கு எழுதுகிறோம் என்பதைப் பொறுத்து ஒன்று இயல்பாகவும் மற்றொன்று வெளியூர்ச் சரக்காகவும் தெரியும்.

ஒரு புள்ளியின் கதை

நூற்றுக்கு இத்தனை என்று பொருள்படும் 'பெர் சென்டம்' என்ற லத்தீன் தொடரிலிருந்து வந்தது இது. பதினாறாம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்குள் நுழைந்தபோது இதைச் சுருக்கச் சொல்லாகவே கருதினார்கள். 'சென்டம்' என்பதன் வால் வெட்டுப்பட்டிருக்கிறது என்பதைக் காட்ட, 'சென்ட்' என்பதற்குப் பின்னால் ஒரு முற்றுப்புள்ளி வைத்தார்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம் வரை அச்சில் அந்தப் புள்ளி அடிக்கடி தென்பட்டது.

பிறகு புள்ளி மெல்ல உதிர்ந்தது. அதற்குப் பின் இரண்டு கரைகளும் இரண்டு வழியில் போயின. அமெரிக்கர்கள், இது லத்தீனாக இருந்த காலம் மலையேறிவிட்டது, இனி இது சாதாரண ஆங்கிலச் சொல்தான் என்று இடைவெளியையும் எடுத்துவிட்டார்கள். பிரிட்டிஷ்காரர்கள் புள்ளியை விட்டார்களே தவிர இடைவெளியை விடவில்லை. 'பெர் ஆனம்', 'பெர் கேபிட்டா' போன்ற லத்தீன் தொடர்களெல்லாம் இன்றும் பிரிந்தே நிற்பதால், அந்த வரிசையில் இதுவும் பிரிந்தே நிற்பது அவர்கள் கண்ணுக்கு உறுத்தவில்லை.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. இதே சொல்லிலிருந்து பிறந்த 'பெர்சென்டேஜ்', 'பெர்சென்டைல்' ஆகியவற்றை பிரிட்டன் உட்பட எல்லா நாடுகளிலும் சேர்த்தே எழுதுகிறார்கள். தாய்ச்சொல்லைப் பிரித்து எழுதுபவர்களும் பிள்ளைகளைப் பிரிப்பதில்லை. பின்னால் சொல்லப்போகும் ஒரு பெரிய குளறுபடிக்கு இதுதான் காரணம்.

யார் எப்படி எழுதுகிறார்கள்?

அமெரிக்காவில் குழப்பம் குறைவு. புத்தகப் பதிப்பாளர்கள் பின்பற்றும் சிகாகோ கையேடு, அரசு அச்சகத்தின் கையேடு, செய்தி நிறுவனமான அசோசியேட்டட் பிரஸ்ஸின் கையேடு ஆகிய மூன்றும் சொல்லாக எழுதும்போது சேர்த்தே எழுதச் சொல்கின்றன. ஆனால் அசோசியேட்டட் பிரஸ் 2019-இல் ஒரு மாற்றம் செய்தது. எண்ணோடு வரும்போது % குறியே போதும், எண்ணுக்கும் குறிக்கும் நடுவே இடம் வேண்டாம் என்றது. எண்ணை எழுத்தால் எழுதும் இடங்களில் மட்டும் சொல் நிற்கும்.

பிரிட்டனில் ஆக்ஸ்ஃபோர்டின் நடைக் கையேடு பிரித்து எழுதுவதை பிரிட்டிஷ் வழக்கு என்றும் சேர்த்து எழுதுவதை அமெரிக்க வழக்கு என்றும் தெளிவாகக் காட்டுகிறது. அரசின் இணைய நடைக் கையேடும் சொல்லாக எழுதினால் பிரித்து எழுது, எண்ணோடு வந்தால் குறியைப் போடு என்கிறது. எக்கனாமிஸ்ட் இதழ் சொல்லையே தவிர்த்துக் குறியைப் பயன்படுத்துகிறது. ஆஸ்திரேலிய அரசின் இன்றைய கையேடும் எண்ணோடு குறியையே விரும்புகிறது; சொல்லாக வந்தால் இரண்டாகப் பிரிக்கிறது. கனடா அமெரிக்காவின் பக்கத்து வீடு என்றாலும், அந்நாட்டுச் செய்தித்தாள்களுக்கு வழிகாட்டும் கனடியன் பிரஸ் பிரித்தே எழுதுகிறது.

சர்வதேச நிறுவனங்களுக்கு வந்தால் வரைபடம் இன்னும் சுவாரசியமாகிறது. வாஷிங்டனில் இருக்கும் சர்வதேச நாணய நிதியமும் உலக வங்கியும் சேர்த்து எழுதுகின்றன. நியூயார்க்கில் இருக்கும் ஐக்கிய நாடுகள் சபை பிரித்து எழுதுகிறது. பிரிட்டிஷ் எழுத்து வழக்கே அதன் வழக்கு. ஆகவே அலுவலகம் எந்த மண்ணில் இருக்கிறது என்பதை மட்டும் வைத்து முடிவு செய்துவிட முடியாது.

இலங்கை விவகாரத்தில் இதைக் கண்கூடாகப் பார்க்கலாம். 2023 மார்ச்சில் நாணய நிதியம் இலங்கைக்குக் கடனுதவித் திட்டத்தை ஒப்புக்கொண்டது. அரசின் வரவு, வட்டி நீங்கலான செலவைவிட மொத்த உள்நாட்டு உற்பத்தியில் நூற்றுக்கு 2.3 பங்கு கூடுதலாக இருக்க வேண்டும் என்பது அதன் இலக்குகளில் ஒன்று. அந்த இலக்கை நிதியத்தின் அறிக்கை ஒரே சொல்லால் எழுதும். அதையே கொழும்பிலிருக்கும் மத்திய வங்கியின் ஆங்கில அறிக்கை இரண்டு சொல்லால் எழுதும். எண் ஒன்றுதான், கணக்கும் ஒன்றுதான்.

இந்தியச் சட்டத்தில் உதிராத புள்ளி

இந்தியாவின் அலுவலக ஆங்கிலம் பிரிட்டிஷ் வழியில் வந்தது. ரிசர்வ் வங்கியின் அறிக்கைகளிலும் நிதியமைச்சரின் பட்ஜெட் உரையிலும் பிரித்தெழுதுவதே வழக்கம். செய்தித்தாள் தலைப்புகளில் இடம் போதாதபோது இரண்டு முதலெழுத்துகளை மட்டும் எடுத்து 'பிசி' என்று சுருக்குவதும் உண்டு.

ஆனால் சட்டப் புத்தகத்தைத் திறந்தால் வேறொரு காலத்துக்குப் போய்விடுவோம். 1908-ஆம் ஆண்டின் உரிமையியல் நடைமுறைச் சட்டம், 34-ஆம் பிரிவில், நீதிமன்றம் தீர்ப்புக்குப் பிந்தைய வட்டியாக ஆண்டுக்கு நூற்றுக்கு ஆறுக்கு மேல் விதிக்கலாகாது என்று பொது வரம்பு வைக்கிறது. அங்கே 'சென்ட்' என்பதற்குப் பின் அந்தப் பழைய புள்ளி இருக்கிறது. 1908-இல் இருந்ததில் வியப்பில்லை. மத்திய அமைச்சர்களின் எண்ணிக்கை மக்களவை உறுப்பினர் எண்ணிக்கையில் நூற்றுக்குப் பதினைந்தைத் தாண்டக் கூடாது என்று 2003-இல் அரசியலமைப்பைத் திருத்தினார்கள். அந்த 75 (1A) பிரிவிலும் வாக்கியத்தின் நடுவே புள்ளி. பொருளாதாரத்தில் நலிந்தோருக்குப் பத்து விழுக்காடு இடஒதுக்கீடு தந்த 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்திலும் அதே புள்ளி.

சட்டம் வரைபவர்கள் பழைய பிரிவுகளின் வாசகத்தோடு புதிய பிரிவு ஒத்துப்போக வேண்டும் என்று பார்ப்பவர்கள். ஒரே பொருளுக்கு இரண்டு விதமாக எழுதினால், இரண்டுக்கும் வேறு வேறு பொருளோ என்று வாதாட யாராவது கிளம்பலாம் என்ற எச்சரிக்கை அவர்கள் தொழிலிலேயே ஊறியது. அதனால் மற்ற இடங்களில் எப்போதோ போய்விட்ட புள்ளி இங்கே நீடிக்கிறது. அமெரிக்கச் சட்டங்களும் இதற்கு விலக்கல்ல. அவற்றின் பழைய பிரிவுகளில் 'பெர் சென்டம்' என்ற முழு லத்தீன் தொடரே இன்னும் இருக்கிறது.

மாற்றும்போது நடக்கும் விபத்து

ஓர் ஆய்வு மாணவர் அமெரிக்க இதழுக்காக எழுதிய கட்டுரையை இந்தியப் பல்கலைக்கழகத்துக்கு ஆய்வேட்டின் ஓர் அத்தியாயமாக மாற்றுகிறார் என்று வைத்துக்கொள்வோம். வழிகாட்டி, "எல்லாவற்றையும் பிரித்து எழுதிவிடுங்கள்" என்கிறார். மாணவர் கணினியில் இப்படிக் கொடுக்கிறார்:

```
தேடு:   percent
மாற்று:  per cent
```

'எல்லாவற்றையும் மாற்று' என்று ஒரு தட்டு. வேலை முடிந்தது போலத் தெரியும். ஆனால் 'பெர்சென்டேஜ்' என்ற சொல்லுக்குள்ளும் அந்த ஏழு எழுத்துகள் இருக்கின்றன. கணினி அதையும் வெட்டி, 'பெர் சென்டேஜ்' ஆக்கிவிடும். 'பெர்சென்டைல்' சொல்லுக்கும் அதே கதி. அச்சான அறிக்கையில் இந்த உடைந்த சொற்களைப் பார்த்தால், யாரோ கடைசி நேரத்தில் மொத்தமாக மாற்றியிருக்கிறார்கள் என்று ஊகித்துவிடலாம். தேடும்போது முழுச் சொல் மட்டும் என்ற வசதியை இயக்கியிருந்தால் இது நடக்காது.

இரண்டாவது சிக்கல் மேற்கோள்கள். அந்தக் கட்டுரையில் நாணய நிதியத்தின் ஒரு வாக்கியம் மேற்கோள் குறிக்குள் இருக்கிறது; அரசியலமைப்பின் ஒரு பிரிவும் இருக்கிறது. மொத்தமாக மாற்றினால் நிதியத்தின் வாக்கியம் பிரிந்துவிடும். மேற்கோள் குறிக்குள் இருப்பது பிறர் எழுத்து. நிதியம் சேர்த்து எழுதியிருந்தால் அங்கே சேர்த்தே இருக்க வேண்டும். கட்டுரையின் தலைப்புகளுக்கும் இது பொருந்தும். தன் சொந்த வாக்கியங்களில்தான் மாணவர் பிரித்து எழுத வேண்டும். ஆகவே ஒரே தட்டில் மாற்றாமல், ஒவ்வோர் இடமாக நிறுத்திப் பார்த்து மாற்றுவதே பாதுகாப்பு.

மூன்றாவது, குறி எங்கே, சொல் எங்கே என்பது. அட்டவணையிலும் வரைபடத்திலும் எல்லா நாட்டவரும் குறியைத்தான் போடுகிறார்கள். அறிவியல் கட்டுரைகளில் உரைநடையிலும் அதுவே பெருவழக்கு. வரலாறு, இலக்கியம் போன்ற துறைகளின் உரைநடையில் சொல்லுக்கு மதிப்பு அதிகம். வாக்கியம் எண்ணில் தொடங்கினால் எண்ணையும் எழுத்தால் எழுதி, குறிக்குப் பதிலாகச் சொல்லைப் போடுவது எல்லாருக்கும் ஏற்புடையது. ஒரே பத்தியில் ஓரிடத்தில் குறி, ஓரிடத்தில் சேர்ந்த சொல், ஓரிடத்தில் பிரிந்த சொல் என்று மூன்றும் கலந்து வருவதைத்தான் எந்தக் கையேடும் மன்னிப்பதில்லை.

எதை எடுப்பது?

எழுதி அனுப்பும் நிறுவனத்துக்கு நடைக் கையேடு இருந்தால் அதுவே சட்டம். இல்லாவிட்டால் அவர்களே அண்மையில் வெளியிட்ட அறிக்கையின் முதல் சில பக்கங்களைப் புரட்டினால் வழக்கம் தெரிந்துவிடும். அதுவும் கிடைக்காதபோது, இந்தியா, இலங்கை, பிரிட்டன், ஆஸ்திரேலியா, ஐக்கிய நாடுகள் சபை என்றால் பிரித்து எழுதலாம். அமெரிக்கா, உலக வங்கி, நாணய நிதியம் என்றால் சேர்த்து எழுதலாம். கனடாவில் செய்தித்துறைக்குப் பிரித்து எழுதுவது பொருந்தும்; மற்ற இடங்களில் விசாரித்துக்கொள்வது நல்லது. எண்கள் நிறைந்த எழுத்து என்றால், அந்த நிறுவனம் மறுக்காதவரை % குறி எல்லா ஊரிலும் செல்லும். இந்தியச் சட்டப் பிரிவை அப்படியே எடுத்தாளும்போது மட்டும் 'சென்ட்' என்பதற்குப் பின்னால் இருக்கும் புள்ளியை அச்சுப்பிழை என்று நினைத்து நீக்கிவிட வேண்டாம். அது வாசகத்தின் பகுதி.