போகிறேன் என்றதும் சம்பளம் கூடினால்…

சென்னை ஓ.எம்.ஆரிலோ பெங்களூரிலோ ஐ.டி. வேலையில் இருப்பவர் ராஜினாமா கொடுத்ததும் மேனேஜர் பெரும்பாலும் கேட்கும் முதல் கேள்வி, “அங்க எவ்வளவு தர்றாங்க?” என்பதுதான். அடுத்த சில நாட்களில் அதற்கு ஈடான தொகையோ சற்றுக் கூடுதலான தொகையோ மேசைக்கு வரும். கவுன்ட்டர் ஆஃபர் என்பது இதுதான். வேண்டாம் என்று முடிவெடுத்தவர்கள்கூட அதைச் சொல்லும் விதத்தில் தடுமாறி, நல்ல மேனேஜரின் மனத்தைப் புண்படுத்திவிட்டு வெளியேறுகிறார்கள்.

இங்கே அந்தத் தடுமாற்றம் அதிகமாக இருப்பதற்குக் காரணம் உண்டு. பெரிய ஐ.டி. நிறுவனங்கள் பலவற்றில் நோட்டீஸ் காலம் 60 அல்லது 90 நாள். அதாவது, வேண்டாம் என்று சொன்ன பிறகும் அதே மேனேஜரின் கீழ் இரண்டு மூன்று மாதம் உட்கார வேண்டும். சீக்கிரம் விடுவிப்பதும், நோட்டீஸுக்கு நடுவே லீவு தருவதும் பெரும்பாலும் அவர் கையில். புது நிறுவனம் கேட்கும் ரிலீவிங் லெட்டரும் இங்கிருந்துதான் வர வேண்டும். பின்னாளில் பேக்ரவுண்ட் வெரிஃபிகேஷன் நடக்கும்போது, வேலை பார்த்த தேதி, பதவி இவற்றோடு “இவரை மறுபடி வேலைக்கு எடுப்பீர்களா?” என்றும் கேட்பதுண்டு.

ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 9 லட்சம் சி.டி.சி. வாங்கும் சீனியர் டெஸ்டர் ஒருவருக்குப் புது நிறுவனம் 12.6 லட்சம் தருகிறது. அதில் ஃபிக்ஸட் 11.8 லட்சம், வேரியபிள் 80 ஆயிரம். இருக்கும் நிறுவனம் 13 லட்சம் தருவதாகச் சொல்கிறது. பிரித்துப் பார்த்தால் ஃபிக்ஸட் 10.4 லட்சம், வேரியபிள் 1.3 லட்சம், மீதி 1.3 லட்சம் ரிடென்ஷன் போனஸ். அந்த போனஸ் ஒரு வருடம் கழித்துத்தான் கைக்கு வரும், நடுவில் போனால் வராது. ஃபிக்ஸட்டை மட்டும் மாதக் கணக்கில் பார்த்தால், பிடித்தத்துக்கு முன் புது இடத்தில் சுமார் 98,300 ரூபாய், இங்கே 86,700 ரூபாய்.

இந்தக் கணக்கைக் கட்டாயம் போட வேண்டும். ஆனால் அது நமக்கு மட்டுமான கணக்கு. மேனேஜரிடம் போய் “ஃபிக்ஸட் குறைவா இருக்கு சார்” என்று சொன்னால், மறுப்பு பேரமாக மாறிவிடும். அவர் எச்.ஆரிடம் போராடி ஃபிக்ஸட்டை 11.9 லட்சமாக்கிக் கொண்டு வருவார். நாம் சொன்ன குறை தீர்ந்துவிட்டது. அதன் பிறகும் வேண்டாம் என்றால், தன்னை வைத்து விளையாடியதாகத்தான் அவர் நினைப்பார். புராஜெக்ட் பிடிக்கவில்லை, ஷிஃப்ட் ஒத்துவரவில்லை, ஆன்சைட் கிடைக்கவில்லை என்ற காரணங்களுக்கும் இதே கதிதான். ஒவ்வொன்றுக்கும் அவரால் ஒரு பரிகாரம் காட்ட முடியும்.

ஆகவே மறுப்புக்குச் சொல்லும் காரணம் உண்மையாகவும் இருக்க வேண்டும், இங்கிருப்பவர்களால் சரிசெய்ய முடியாததாகவும் இருக்க வேண்டும். ஒரே ஒரு காரணம் போதும். டெஸ்டிங்கிலிருந்து செக்யூரிட்டி பக்கம் மாறுகிறேன் என்பது அப்படி ஒன்று. சம்பளத்துக்காக மட்டுமே போகிறவருக்கும் ஒன்று உண்டு: அங்கே வாக்குக் கொடுத்தாகிவிட்டது. ஆஃபர் லெட்டரில் கையெழுத்துப் போட்டவர் அதைத் தயங்காமல் சொல்லலாம். சம்பளம் உயர்ந்தால் இங்கேயே இருந்துவிடுவேன் என்று உண்மையிலேயே நினைப்பவர், அதைக் கேட்க வேண்டிய நேரம் அந்தக் கையெழுத்துக்கு முன்பு.

காரணத்தைவிடவும் முக்கியம், எந்த நாளில் சொல்கிறோம் என்பது. கவுன்ட்டர் ஆஃபர் காகிதமாக வருவதற்கு முன்னால், “இந்த அளவுக்குப் பேசிக் கொண்டுவந்தா இருப்பியா?” என்று மேனேஜர் வாய்மொழியாகக் கேட்பார். மறுக்க வேண்டிய இடம் அதுதான். “யோசிச்சுச் சொல்றேன் சார்” என்று தள்ளிப்போட்டால், அதைப் பாதிச் சம்மதமாக எடுத்துக்கொண்டு அவர் மேலே போவார். டெலிவரி ஹெட்டிடம் “நான் பேசி நிறுத்திடறேன்” என்று சொல்லி, அதற்கென ஒப்புதல் வாங்கியிருப்பார். இரண்டு வாரம் கழித்து நாம் வேண்டாம் என்றால், அவருக்கு மேலிடத்தில் தலைகுனிவு. மேனேஜர்களின் கோபம் பெரும்பாலும் மறுப்பால் வருவதில்லை, இந்தத் தாமதத்தால்தான் வருகிறது.

கேட்ட அன்றே, நேரில், கதவை மூடிக்கொண்டு இப்படிச் சொல்லலாம்: “எனக்காக மேல பேசறேன்னு சொன்னதே பெரிய விஷயம் சார். ஆனா செக்யூரிட்டி பக்கம் போறதுன்னு முடிவு பண்ணிட்டேன், அங்க வாக்கும் குடுத்தாச்சு. தொகை மாறினாலும் என் முடிவு மாறாது. அதனால எனக்காக அப்ரூவல் எதுவும் கேக்க வேண்டாம். கே.டி.யை எப்படி முடிக்கலாம்னு பேசலாமா?” இதில் நன்றி இருக்கிறது, ஒரே காரணம் இருக்கிறது, கதவு சாத்தப்படுகிறது, பேச்சு வேலைக்குத் திரும்புகிறது. புது நிறுவனத்தின் பெயரும் தொகையும் இல்லை. அவர் வற்புறுத்திக் கேட்டால், “சேர்ந்ததும் நானே சொல்றேன் சார்” என்பது போதும்.

அன்று மாலையே இதை நாலு வரி மெயிலாக அனுப்பிவிட வேண்டும். தங்க வைக்க முன்வந்ததற்கு நன்றி, ராஜினாமா அப்படியே நிற்கிறது, கடைசி வேலைநாள் இன்ன தேதி, அதற்குள் பொறுப்புகளை ஒப்படைக்கிறேன். இவ்வளவுதான். சில இடங்களில் போர்ட்டலில் ராஜினாமாவை அப்ரூவ் செய்யாமலே வைத்திருப்பார்கள். அப்போது தேதியோடு இருக்கும் இந்த மெயில் கைகொடுக்கும்.

ஒரு முறை சொன்னதோடு முடிந்தது என்று நினைக்கக் கூடாது. அடுத்து எச்.ஆர். கூப்பிடலாம். கே.டி. பாதியில் இருக்கும்போது, மாற்று ஆள் கிடைக்காத நிலையில், மேனேஜருக்கு மேல் இருப்பவர் இன்னும் பெரிய தொகையோடு அழைக்கலாம். அங்கெல்லாம் அதே காரணத்தை, கூடியவரை அதே வார்த்தைகளில் சொல்ல வேண்டும். மேனேஜரிடம் செக்யூரிட்டி வேலை என்றும், எச்.ஆரிடம் அப்ரைசலில் அநியாயம் என்றும் சொன்னால், இரண்டும் ஒரே நாளில் ஒப்பிடப்படும். எக்ஸிட் இன்டர்வியூவில் மனக்குறையைக் கொட்டினாலும் இதே விளைவுதான்.

மறுத்த பிறகு மேனேஜர் சில நாள் முகம் கொடுக்காமல் இருப்பது சகஜம். மீட்டிங்குகளில் பெயர் விடுபடும். அதற்கு விளக்கம் சொல்லிக்கொண்டிருக்கத் தேவையில்லை. அவருடைய நிஜமான கவலை, நாம் போனபின் புராஜெக்ட் என்ன ஆகும் என்பது. எந்த டெஸ்ட் ஸ்கிரிப்ட் எங்கே இருக்கிறது, எது அடிக்கடி உடையும், கிளையன்ட் பக்கம் யாரைக் கேட்க வேண்டும் என்று ஒரு பட்டியலை அவர் கேட்பதற்கு முன்பே முதல் வாரத்தில் கொடுத்துவிட்டால், அந்தக் கவலை குறையும். பணம் கொடுத்து நம்மை நிறுத்த நினைத்ததற்குப் பாதிக் காரணமும் அந்தக் கவலைதான். அது தணிந்த பிறகு, நோட்டீஸில் பத்து நாள் குறைத்துத் தரும்படி கேட்டாலும் காதுகொடுத்துக் கேட்பார்.