வெள்ளைக் கட்டைகளில் ஏழு பாலை

கல்முனையிலிருந்து தெற்கு நோக்கிக் கடலோர வீதியிற் செல்வோர் சாய்ந்தமருதைக் கடந்ததும் காரைதீவை அடைவர். பள்ளிவாயில்களும் கோயில்களும் அடுத்தடுத்துத் தோன்றும் அவ்வீதியில், ஒரு மாலைப் பொழுது, சாய்ந்தமருது மாணவன் ஒருவன் என்னைக் கண்டு ஒரு வினா விடுத்தான். நாகூர் ஹனிபாவின் பாடல்களைக் காதாற் கேட்டே கீபோர்டில் வாசிக்கப் பழகியவன் அவன். இராகத்தையும் மேனாட்டு ‘மோட்’ என்பதையும் ஒப்பிட்டுக் கட்டுரை எழுதுமாறு அவனுக்குப் பாடசாலையிற் பணிக்கப்பட்டிருந்தது.

“சேர், ஒன்றாம் கட்டையில் தொடங்கி வெள்ளைக் கட்டைகளை மட்டும் வரிசையாக அழுத்தினால் சங்கராபரணம் வருகிறது. மேனாட்டார் அதையே மேஜர் என்கிறார்கள். அப்படியானால் மோட் என்பதும் இராகம் என்பதும் ஒன்றுதானே?” என்றான்.

பாதி சரியான வினா அது. விடையின் முதற்பாதியைத் தேட நெடுந்தூரம் போகவேண்டியதில்லை. சில கட்டை தொலைவிலுள்ள காரைதீவில் 1892ஆம் ஆண்டு பிறந்த சுவாமி விபுலாநந்தர் இப்பொருளிலேதான் தம் வாழ்நாளின் பிற்பகுதியைச் செலவிட்டார். இலண்டன் பல்கலைக்கழகத்தின் விஞ்ஞானப் பட்டதாரியாகிய அவர், இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியராகவும் விளங்கினார். சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையை அடிப்படையாகக் கொண்டு பழந்தமிழ் யாழ்களையும் அவற்றின் சுரமுறையையும் ஆராய்ந்து அவர் இயற்றிய ‘யாழ் நூல்’ 1947 ஜூனில் திருக்கொள்ளம்பூதூரில் அரங்கேறியது. அடுத்த மாதமே அவர் மறைந்தார்.

பழந்தமிழர் ஏழு சுரங்களுக்குக் குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் எனப் பெயரிட்டனர். இவை இன்றைய ச, ரி, க, ம, ப, த, நி என்பனவாம். ஒரு யாழின் நரம்புகளைச் செம்பாலை என்னும் முறையில் ஒருமுறை கூட்டிவிட்டால் போதும். பின்னர் நரம்பைத் திருத்தாமலே, துத்தத்தைக் குரலாகக் கொண்டால் வேறொரு பாலை பிறக்கும். கைக்கிளையைக் குரலாகக் கொண்டால் மற்றொன்று பிறக்கும். இவ்வாறு ஏழு பாலைகள் தோன்றும். சுரங்கள் மாறுவதில்லை, எது தலைமைச் சுரம் என்பதே மாறுகிறது. இன்றைய இசைவாணர் இதனைக் கிரகபேதம் என்பர்.

இதனைக் கீபோர்டிலே சோதித்துப் பார்க்கலாம். செம்பாலை இன்றைய அரிகாம்போதி என்பது அறிஞர் பலர் கொண்ட முடிவு. ஐந்தாம் கட்டையைச் சட்சமாக வைத்து வெள்ளைக் கட்டைகளில் ஏறினால் அரிகாம்போதி கேட்கும். அங்கிருந்து ஒவ்வொரு கட்டையாக நகர்க. ஆறாம் கட்டையில் நடபைரவி, அது படுமலைப்பாலை. ஏழாவது வெள்ளைக் கட்டையில் செவ்வழிப்பாலை. மேலே ஒன்றாம் கட்டையில் சங்கராபரணம், அது அரும்பாலை. இரண்டில் கரகரப்பிரியா, கோடிப்பாலை. மூன்றில் தோடி, விளரிப்பாலை. நான்கில் கல்யாணி, மேற்செம்பாலை.

மேனாட்டார் செய்ததும் இதுவே. சுவிட்சர்லாந்து அறிஞர் கிளாரியான் 1547இல் வெளியிட்ட நூலில் இவ்வகை மோட்களை வகுத்துக் கூறினார். அவர் தரும் பெயர்களின்படி ஒன்றாம் கட்டையது அயோனியன், இரண்டாவது டோரியன், மூன்றாவது பிரிஜியன், நான்காவது லிடியன், ஐந்தாவது மிக்சோலிடியன், ஆறாவது ஏயோலியன். யாழ் நூல் அரங்கேறுவதற்குச் சரியாக நானூறு ஆண்டுகள் முந்தியது அந்நூல்.

ஏழாவது வெள்ளைக் கட்டையில் மட்டும் இருவரும் இடறுகின்றனர். சட்சத்திலிருந்து பஞ்சமம் ஏழு அரைச்சுரத் தொலைவில் நிற்கவேண்டும். இங்கோ ஆறு அரைச்சுரத் தொலைவிலேயே கட்டை அமைந்துவிடுகிறது. அது பஞ்சமம் ஆகாது, இரண்டாவது மத்திமமே. கிளாரியான் இந்த மோடைத் தள்ளிவிட்டார். கருநாடக இசையின் எழுபத்திரண்டு மேளங்களிலும் பஞ்சமம் மாறாதது ஆதலின், அங்கும் இதற்கு இடமில்லை. பழந்தமிழர் மட்டும் அதனைச் செவ்வழி என்று பெயரிட்டு ஏற்றுக்கொண்டனர்.

சோதனையில் ஒரு தவறு நேர்வதுண்டு. இரண்டாம் கட்டையிலிருந்து வெறுமனே வாசித்துக்கொண்டு போனால், காது அதனைக் கரகரப்பிரியாவாகக் கொள்ளாது. இரண்டாவது சுரத்திலே தொடங்கிய சங்கராபரணம் என்றே எண்ணிக்கொள்ளும். ஆகையால் கீழ்ஸ்தாயியில் அந்த இரண்டாம் கட்டையை ஒருவர் விடாது அழுத்திக்கொண்டிருக்க, மற்றவர் வாசிக்க வேண்டும். அப்பொழுது பண்ணின் நிறம் மாறுவதை எவரும் உணரலாம். தம்புராவும் சுருதிப்பெட்டியும் செய்யும் பணி இதுவே.

இதுவரை வந்தது விடையின் முதற்பாதி. சுர வரிசையைப் பொறுத்தவரை மேளமும் மோடும் ஒன்றே. ஆனால் மேளம் இராகம் அன்று.

மாணவனுக்கு நான் காட்டிய உதாரணம் ஆரபியும் தேவகாந்தாரியும். இரண்டும் சங்கராபரண மேளத்தில் பிறந்தவை. இரண்டிலும் ஏறும்போது ச ரி ம ப த ச. இறங்கும்போது ச நி த ப ம க ரி ச. எழுத்தில் ஓர் இம்மியும் வேறுபாடு இல்லை. மோட் என்னும் அளவுகோலால் அளந்தால் இவை ஒரே பொருள்.

பாடும்போதோ இவற்றை ஒருவரும் மயங்கார். ஆரபி விரைந்து நடப்பது. அதில் காந்தாரமும் நிஷாதமும் நின்று ஒலிப்பதில்லை; பக்கத்துச் சுரத்தை ஒட்டிக்கொண்டு கணத்திலே மறைந்துவிடும். அசைவுகளும் குறைவு. தேவகாந்தாரி நின்று நிதானமாக நடப்பது. அதில் ரிஷபத்தை நீட்டி மெல்ல அசைத்துப் பாடுவர்; அந்த அசைவிலேயே இராகத்தின் முகம் தெரிந்துவிடும். தியாகராஜரின் ‘சாதிஞ்செனெ’யையும் ‘க்ஷீரசாகர சயன’வையும் அடுத்தடுத்துக் கேட்போர் இதனை எளிதில் உணர்வர். எந்தச் சுரத்தில் நிற்பது, எதைத் தொட்டுவிட்டு ஓடுவது, எதை அசைப்பது, எந்தப் பிடியால் தொடங்குவது என்னும் இவையெல்லாம் சேர்ந்ததே இராகம்.

மாணவன் உடனே இரண்டையும் கீபோர்டில் வாசித்துப் பார்த்தான். வேகம் மாறியது, முகம் மாறவில்லை. கட்டைகளுக்கு இடையே குரல் வழுக்கிச் செல்லும் இடம் அதில் இல்லை. அகில இந்திய வானொலி 1940 முதல் 1971 வரை ஆர்மோனியத்தை விலக்கி வைத்ததற்குக் கூறப்பட்ட காரணங்களுள் இதுவும் ஒன்று.

அப்படியாயின் மோட் என்பது வெறும் ஏணிதானோ? அவ்வாறு எழுதினால் கட்டுரை தவறிவிடும். இடைக்காலத் தேவாலயப் பாடல்களில் ஒவ்வொரு மோடுக்கும் முடிவுச் சுரம், வசனங்களை ஓதுவதற்குரிய நிலைச் சுரம், வழக்கமான இசைத் தொடர்கள் ஆகியன இருந்தன. அக்கால மோட் இராகத்துக்கு நெருங்கிய உறவுடையது. பின்னர் பல குரல்கள் ஒருங்கே ஒலிக்கும் முறை மேனாட்டிலே ஓங்கிற்று. பல குரல் சேர்ந்து பொருந்தவேண்டுமாயின் ஒரு சுரத்தைத் தன் விருப்பம்போல் அசைக்க இயலாது. பதினேழாம் நூற்றாண்டில் மோட்கள் பல மறைந்து, மேஜர், மைனர் என்னும் இரண்டே மேலோங்கின. அவர்கள் செல்வம் சுரங்களின் கூட்டில் வளர்ந்தது. நம் நாட்டிலோ சட்சம் ஒன்று அசையாது நிற்க, ஒற்றைக் குரல் அதன்மேல் உலாவியது. ஆகவே நம் செல்வம் ஒரு சுரத்துக்கும் அடுத்த சுரத்துக்கும் இடைப்பட்ட வழியிலே வளர்ந்தது.

மாணவன் தன் கட்டுரையின் முதல் வாக்கியத்தை அடித்துவிட்டுப் புதிதாக எழுதினான்: “மோடும் மேளமும் ஒரே ஏணி, இராகம் என்பது அந்த ஏணியில் ஒருவர் ஏறி இறங்கும் நடை.” வீதியில் நம் ஊரவர் ஒருவர் தொலைவில் வரும்போது, முகம் தெரியுமுன்னரே நடையைக்கொண்டு இன்னார் என்று சொல்லிவிடுகிறோம் அல்லவா? ஆரபியையும் தேவகாந்தாரியையும் நாம் அறிவதும் அப்படியேதான்.