முன்னுரையும் முடிவுரையும்

கட்டுரையின் முன்னுரை மூன்று படிகளில் அமையும். முதலாவது, பொருளின் பின்னணி. இரண்டாவது, அப்பின்னணியில் பிறர் கவனிக்காமல் விட்ட இடைவெளி. மூன்றாவது, அவ்விடைவெளிக்கு விடையாகும் மையக்கருத்து. ‘படிக்கிணறுகளைப் பாதுகாத்தல்’ என்னும் தலைப்பைக் கொண்டு இதனை விளக்கலாம்.

மாணவர் பலர் பின்வருமாறு தொடங்குவர்:

“நீர் உயிர்களுக்கு இன்றியமையாதது. பழங்காலம் முதல் மனிதன் நீரைப் போற்றி வருகிறான். இக்கட்டுரையில் படிக்கிணறுகளைப் பற்றிக் காண்போம்.”

முதலிரண்டு தொடர்களும் ஆறு, குளம், மழை என எத்தலைப்புக்கும் பொருந்துவன. மூன்றாம் தொடர் பொருளைக் கூறுகிறதே தவிர, கருத்தைக் கூறவில்லை. திருத்திய வடிவம் வருமாறு:

“மழை குறைந்த குஜராத், இராஜஸ்தான் பகுதிகளில், கோடையில் நீர்மட்டம் தாழும்போது மக்களும் இறங்கி நீர் எடுப்பதற்காகப் படிக்கிணறுகள் கட்டப்பட்டன. அவற்றுள் ஒன்றான, பாட்டன் நகரிலுள்ள இராணி கி வாவ், 2014ஆம் ஆண்டு உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. ஆயினும், இக்கிணறுகளின் சிற்பங்கள் பேசப்படும் அளவிற்கு, அவற்றிற்கு நீர் வந்த வழி பேசப்படுவதில்லை. கட்டடத்தோடு, மழைநீர் நிலத்தில் இறங்கும் சுற்றுப்புறத்தையும் காத்தால்தான் படிக்கிணறு காக்கப்பட்டதாகும்.”

இதில் முதலிரண்டு தொடர்கள் பின்னணி. ‘ஆயினும்’ எனத் தொடங்கும் தொடர் இடைவெளி. இறுதித் தொடர் மையக்கருத்து. இடைவெளியும் மையக்கருத்தும் வினாவும் விடையும்போல் பொருந்த வேண்டும். ‘சிற்பங்களின் அழகைப் பலர் அறியார்’ என இடைவெளியை மாற்றினால், சுற்றுப்புறம் பற்றிய மையக்கருத்து அதற்கு விடையாகாது. மேலும், மையக்கருத்து ஒருவர் மறுத்துரைக்கக் கூடியதாக இருத்தல் வேண்டும். ‘கட்டடத்தைக் காத்தாலே போதும்’ என்று இங்கு ஒருவர் வாதிட முடியும். ஆகவே அதனை நிறுவப் பொருளுரை தேவைப்படுகிறது.

முடிவுரை மையக்கருத்தை நினைவூட்டுவதோடு நில்லாமல், அதன் எல்லையையும் விளைவையும் காட்ட வேண்டும்:

“சுற்றுப்புறத்தைக் காத்தாலும் எல்லாப் படிக்கிணறுகளிலும் நீர் திரும்பிவிடாது. ஆழ்துளைக் கிணறுகளால் நிலத்தடி நீர் மிகவும் தாழ்ந்த ஊரில் படிகள் வறண்டே கிடக்கும். அவ்வாறாயின் படிக்கிணறு பழஞ்சின்னம் மட்டுமன்று. ஊரின் நிலத்தடி நீரைக் கண்ணுக்குக் காட்டும் அளவுகோலும் ஆகும். அங்குத் திருத்த வேண்டியது கிணற்றை மட்டுமன்று. ஊரார் நீர் எடுக்கும் அளவையும்தான்.”

முதலிரு தொடர்கள் எல்லையையும், பின்வரும் நான்கு தொடர்கள் விளைவையும் காட்டுகின்றன. எனினும், முடிவுரையில் வரும் புதுமை பொருளுரையிலிருந்தே பிறத்தல் வேண்டும். ஆழ்துளைக் கிணறுகளைப் பற்றிப் பொருளுரை பேசாதிருந்தால், இம்முடிவுரை வேறொரு கட்டுரையின் தொடக்கமாகத் தோன்றும்.

பயிற்சி

1. ‘பள்ளியில் மழைநீர் சேகரிப்பு’ என்னும் தலைப்பிற்கு நான்கு தொடர்களில் முன்னுரை எழுதுக. இடைவெளியைக் காட்டும் தொடரை அடிக்கோடிடுக.

2. அக்கட்டுரைக்கு முடிவுரை எழுதி, முன்னுரையில் இல்லாத கருத்து எது எனக் குறிப்பிடுக.