சண்டே மார்க்கெட்டில் முடிச்சவிழ்க்கி



நம்ம புதுச்சேரி சண்டே மார்க்கெட்டைத் தெரியாதவங்க இருக்க மாட்டாங்க. ஞாயிற்றுக்கிழமை ஆனா மகாத்மா காந்தி வீதி முழுக்கத் துணி, செருப்பு, பாத்திரம், பழைய புத்தகம் எல்லாம் ரோட்டிலேயே குவிஞ்சிருக்கும். தீபாவளிக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமைன்னா கால் வைக்க இடம் இருக்காது. சாரத்திலிருந்து டெம்போ ஏறிப் போகிற நம்ம ஆளுங்களோட, பணம் எடுக்கிற ஆளுங்களும் அன்னைக்குத்தான் வருவாங்க.

'முடிச்சவிழ்க்கி'ன்னு யாராவது திட்டினா நாம சிரிப்போம். ஆனா அது ஒரு தொழிலோட பேரு. அந்தக் காலத்தில் காசை முந்தானையிலும் வேட்டி முனையிலும் முடிந்து வைப்பார்கள். கூட்டத்தில் அந்த முடிச்சை நமக்குத் தெரியாமல் அவிழ்ப்பவன்தான் முடிச்சவிழ்க்கி. சட்டையில் ஜேப்பு வந்ததும் அது ஜேப்படி ஆச்சு. இப்போ பிக்பாக்கெட். பேர் மாறினாலும் வேலை ஒன்றுதான்.

பணம் எங்கே இருக்குன்னு அவனுக்கு எப்படித் தெரியும்? நாமதான் காட்டிக் கொடுக்கிறோம். 'பிக்பாக்கெட் ஜாக்கிரதை'ன்னு போர்டு இருக்கிற இடத்தில் கொஞ்ச நேரம் நின்னு பாருங்க. படிச்சவங்க எல்லாரும் உடனே பர்ஸ் இருக்கிற இடத்தைத் தொட்டுப் பார்ப்பாங்க. அதைத்தான் அவன் எதிர்பார்த்துக்கிட்டு இருப்பான். கடையில் காசு கொடுத்துட்டு, மீதியை எந்தப் பக்கம் வைக்கிறோம்னும் பார்ப்பான். அதனால் கூட்டத்துக்குள்ள போய் தொட்டுப் பார்க்கிறதை விட, வீட்டிலேயே சரியா வச்சுட்டுப் போறதுதான் நல்லது.

அவன் தனியா வரமாட்டான். முன்னால் போகிற ஒருத்தன் திடீர்னு நின்னுடுவான். பின்னால் வருகிறவன் தோளில் இடிப்பான். பக்கத்தில் இருக்கிறவன் கையில் ஒரு துணியோ பையோ தொங்கும், அதுக்கு அடியிலதான் அவன் விரல் வேலை செய்யும். தோளில் பலமா இடி விழும்போது இடுப்புப் பக்கம் படுகிற லேசான தொடுதல் நமக்கு உறைக்காது. அதுக்குத்தான் இடிக்கிறதே! எடுத்த பர்ஸ் உடனே நாலாவது ஆளுக்குக் கைமாறிடும். நாம சந்தேகப்பட்டுப் பிடிக்கிறவன் கிட்ட ஒன்னுமே இருக்காது. "என்னம்மா, நானா எடுத்தேன்? சோதிச்சுப் பாரு"ன்னு தைரியமா நிப்பான்.

சண்டே மார்க்கெட்டில் இதுக்கு இன்னொரு வசதியும் இருக்கு. துணி எல்லாம் தரையில் குவியலா இருக்கும், குனிஞ்சுதான் பொறுக்கணும். குனியும்போது சட்டைப் பாக்கெட்டில் இருக்கிற போன் பாதி வெளியே வந்துடும். தோளில் மாட்டின பை முதுகுப் பக்கம் போயிடும். கண்ணும் ரெண்டு கையும் குவியலில் இருக்கும். எங்க தெரு அக்கா ஒருத்தங்க ஒரு சுடிதாரைப் பிரிச்சுப் பார்த்த நேரத்தில், பையின் அடியில் பிளேடு போட்டுட்டாங்க. ஜிப் மூடியபடியே இருந்துச்சு, உள்ளே இருந்த பர்ஸ் மட்டும் இல்லை. ஜிப்பை மட்டும் நம்பினா போதாது, குனியும்போது பை நம்ம வயித்துக்கும் கைக்கும் நடுவில் இருக்கணும்.

ஒரு குடும்பம் 2,000 ரூபாய் எடுத்துட்டுத் துணி வாங்கப் போகுதுன்னு வச்சுக்குவோம். எல்லாத்தையும் ஒரே பர்ஸில் வைக்கக் கூடாது. 1,400 ரூபாயை அம்மா சுருக்குப் பையில் போட்டு இடுப்பில் செருகிக்கணும். (என்னைக் கேட்டா பாட்டிங்களோட சுருக்குப் பையை மிஞ்சின பர்ஸ் எந்தக் கடையிலும் இல்லை.) 400 ரூபாய் அப்பாவோட பேன்ட் முன் பாக்கெட்டில். பின் பாக்கெட் வேண்டவே வேண்டாம், அது நமக்குத் தெரியாது, பின்னால் வருகிறவனுக்குத்தான் தெரியும். மீதி 200 ரூபாய் பத்தும் இருபதுமா ஒரு சின்ன பர்ஸில் வெளியே இருக்கட்டும். பேரம் பேசறது, டீ குடிக்கிறது, டெம்போவுக்குக் கொடுக்கிறது எல்லாம் அதிலிருந்துதான். அது போனாலும் 200 ரூபாயோடு போகும். சின்ன பர்ஸ் காலியானா நடு ரோட்டில் நின்னு சுருக்குப் பையைப் பிரிக்காம, ஒரு கடைக்குள்ளே போய் சுவர்ப் பக்கம் திரும்பி எடுக்கணும். ஏ.டி.எம். கார்டு சந்தைக்கு எதுக்கு? வீட்டிலேயே இருக்கட்டும்.

போன் விஷயம் வேற. இப்போ அதுக்குள்ளேதான் பேங்கே இருக்கு. ஸ்கேன் பண்ணிப் பணம் கட்டினதும், முதலில் திரையை அணைச்சுப் போனை உள்ளே வைக்கணும், அப்புறம்தான் துணிக் கவரை வாங்கக் கை நீட்டணும். நிறைய பேர் போனைக் கடைக்காரர் துணி மேலேயே வச்சுட்டு கவரை வாங்குவாங்க. எடுக்கிறவன் போனைத் திறக்க முடியலைன்னா சிம்மைக் கழட்டி வேற போனில் போட்டுப் பார்ப்பான், ஓ.டி.பி. அங்கே போயிடும். இதைத் தடுக்க, செட்டிங்ஸில் SIM lock என்று இருக்கும். அதைப் போட்டால் வேறு போனில் போட்டாலும் சிம் பின் நம்பர் கேட்கும். முதல் நம்பர் என்னன்னு சிம் கடையில் கேட்டுட்டுத்தான் செய்யணும். மூணு தடவை தப்பாப் போட்டா சிம்மே பூட்டிக்கும்.

அடுத்து கைடு விஷயம். நாம உள்ளூர், நம்மை ஏமாத்த மாட்டாங்க. ஆனா விழுப்புரத்திலிருந்து சித்தப்பா குடும்பம் வந்தா? பஸ் ஸ்டாண்டிலோ கடற்கரையிலோ ஒருத்தர் வந்து, "ஆரோவில் இன்னைக்கு லீவு, எனக்குத் தெரிஞ்ச ஆளு இருக்கார், 500 ரூபாய் கொடுத்தா உள்ளே விடுவேன்"ம்பார். மாத்ரி மந்திரை வெளியே இருந்து பார்க்கிற பாஸுக்குக் காசே கிடையாது, பார்வையாளர் மையத்தில் நேரா போய் வாங்கலாம். உள்ளே போய் தியானம் செய்யறதுக்குத்தான் முன்கூட்டியே பதிவு செய்யணும், அதை வழியில் நிற்கிற யாரும் கொடுக்க முடியாது. அரவிந்தர் ஆசிரமத்துக்கும் நுழைவுக் கட்டணம் இல்லை. காசே இல்லாத இடத்துக்கு ஒருத்தர் காசு கேட்டா அங்கேயே தெரிஞ்சிடும். உண்மையான கைடு கிட்ட சுற்றுலாத் துறை கொடுத்த போட்டோ அட்டை இருக்கும், கேட்டா காட்டுவார். போலி ஆளு கோபப்படுவார், இல்லேன்னா பேச்சை மாத்தி "முதல்ல ஒரு கடைக்குப் போகலாம்"னு கூப்பிடுவார். அந்தக் கடையில் அவருக்குக் கமிஷன்.

எவ்வளவு பார்த்தும் போன் போயிடுச்சுன்னா? பக்கத்தில் இருக்கிறவங்க போனிலிருந்து முதலில் சிம் கம்பெனிக்குச் சொல்லி சிம்மை நிறுத்தணும், அடுத்து பேங்குக்கு. கணக்கிலிருந்து பணம் போயிருந்தா 1930க்கு உடனே போன் செய்யணும். பிறகு காவல் நிலையத்தில் புகார், நேரு வீதிப் பக்கம்னா பெரியகடை காவல் நிலையம். அந்தப் புகார் நகல் முக்கியம். 2023 மே மாதத்திலிருந்து நாடு முழுக்க ceir.gov.in என்ற அரசு இணையதளம் இருக்கு. புகார் நகல், போனோட ஐ.எம்.இ.ஐ. எண், பழைய நம்பருக்கே வாங்கின புது சிம் எல்லாம் வச்சுப் பதிஞ்சா, அந்தப் போன் இந்தியாவில் எந்த சிம் போட்டாலும் வேலை செய்யாது. நம்ம போன் திரும்பிக் கிடைச்சா அதிலேயே பூட்டை எடுத்துக்கலாம்.

ஐ.எம்.இ.ஐ. எண் போன் தொலைஞ்ச பிறகு தேடினா சுலபமா கிடைக்காது, பெட்டியையும் நிறைய வீட்டில் தூக்கிப் போட்டிருப்பாங்க. இன்னைக்கு வீட்டுக்குப் போனதும் அப்பா அம்மா போனில் *#06# அடிச்சுப் பாருங்க, 15 இலக்க எண் வரும். ரெண்டு சிம் போன்னா ரெண்டு எண் வரும், ரெண்டையும் எழுதணும். நான் எங்க வீட்டு ரேஷன் கார்டு உறைக்குள்ளே எழுதி வச்சிருக்கேன்.