திங்கள் காலை, முதல் பத்து நிமிடம்

நாற்பது ஐம்பது பேர் வேலைபார்க்கும் கம்பெனிகள் பலவற்றில் வாரத்துக்கு ஒருமுறை எல்லாரையும் ஒன்றாக உட்காரவைத்துப் பேசும் வழக்கம் இருக்கிறது. ஐ.டி. அலுவலகங்களில் அதற்கு ஆல்-ஹேண்ட்ஸ் என்று பெயர். பெரும்பாலும் அது ஒரே மாதிரிதான் தொடங்கும். போன வாரம் முடித்த வேலை, பாராட்டு, கைதட்டல், புதிதாகச் சேர்ந்தவர் அறிமுகம். எல்லாரும் டீக்கு எழுந்திருக்கப் போகும் நேரத்தில், "ஒரு சின்ன விஷயம்" என்று முதலாளி இழுப்பார். அன்றைக்குப் பெரிய விஷயமே அதுதான். பழகியவர்களுக்கு இது தெரியும். அதனால் முன்னால் ஓடிய பாராட்டெல்லாம் அவர்கள் காதில் ஏறியே இருக்காது.

சில சிறிய நிறுவனங்கள் இந்த வரிசையைத் திருப்பிப் போட்டிருக்கின்றன. மீட்டிங் தொடங்கியதும் கெட்ட செய்தி. அது முடிந்த பிறகே முன்னேற்றம். மாற்றம் அவ்வளவுதான். ஆனால் அரைகுறையாகச் செய்தால் பழைய முறையைவிட மோசமாகப் போகக்கூடிய மாற்றம் இது.

கெட்டதை முதலில் கேட்கவே மனிதர்கள் விரும்புகிறார்கள் என்பதற்கு ஆய்வு ஆதாரம் உண்டு. கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் ரிவர்சைடு வளாகத்தில் ஏஞ்சலா லெக், கேட் ஸ்வீனி என்ற இரு உளவியலாளர்கள் செய்த ஆய்வு 2014இல் வெளியானது. செய்தியைக் கேட்கப் போகிறவர்களில் மிகப் பெரும்பாலோர் கெட்டதை முதலில் கேட்டார்கள். செய்தி சொல்ல வேண்டியவர்களிடமோ நல்லதில் தொடங்கும் ஆசை அதிகமாக இருந்தது. கேட்கிறவர் மனதில் ‘எப்போது அந்த இடி விழும்’ என்ற பயம் ஓடிக்கொண்டிருக்கிறது. சொல்கிறவரோ தன் வாயிலிருந்து அது வரும் நேரத்தைத் தள்ளிப்போடப் பார்க்கிறார்.

தள்ளிப்போடுவது முதலாளிகளுக்கு மட்டும் உரிய பலவீனமில்லை. 1970இல் சிட்னி ரோசன், ஆபிரகாம் டெஸ்ஸர் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் ஒரு எளிய சோதனை செய்தார்கள். ஒருவருக்கு வீட்டிலிருந்து போன் வந்திருக்கிறது, அவரிடம் சொல்லிவிடுங்கள் என்று இன்னொருவரிடம் செய்தியைக் கொடுத்தார்கள். நல்ல செய்தி என்றால் கொண்டுபோனவர்கள் முழுவதையும் சொன்னார்கள். கெட்ட செய்தி என்றால், ‘உங்களுக்குப் போன் வந்தது’ என்பதோடு நிறுத்திக்கொண்டவர்கள் அதிகம். செய்திக்கும் அதைக் கொண்டுபோனவருக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. அப்போதே இப்படி என்றால், தன்னால் நடந்த தவறைத் தானே நாற்பது பேர் முன்னால் சொல்ல வேண்டியவரின் நிலையைப் பார்த்துக்கொள்ளலாம்.

லெக்கும் ஸ்வீனியும் கண்ட இன்னொரு விஷயத்தை இந்த முறையைப் பாராட்டுகிறவர்கள் அவ்வளவாகச் சொல்வதில்லை. கெட்டதைக் கேட்டு நல்லதில் முடித்தவர்களுக்கு மனம் லேசானது. கூடவே தன்னைத் திருத்திக்கொள்ளும் ஆர்வமும் குறைந்தது. கெட்ட செய்தியோடு போனவர்கள்தான் வருத்தத்தோடும், எதையாவது மாற்ற வேண்டும் என்ற எண்ணத்தோடும் போனார்கள். கம்பெனிக்கு இதைப் பொருத்திப் பார்த்தால் சிக்கல் தெரியும். முன்னேற்றத்தைச் சொல்லி முடிக்கும்போது, முதலில் சொன்ன கெட்டது கரைந்துவிடும். ஆகவே நல்ல செய்திக்குப் போவதற்கு முன்பே கெட்ட செய்திக்கு ஒரு ஆளும் ஒரு தேதியும் குறிக்கப்பட்டிருக்க வேண்டும். இந்த முறை நிற்பதும் விழுவதும் அதில்தான்.

ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். கடைகளுக்கு பில்லிங் மென்பொருள் விற்கும் கம்பெனி என்று வைத்துக்கொள்வோம். நாற்பது ஊழியர்கள். மாத வரவு 28 லட்சம், செலவு 32 லட்சம். மாதம் 4 லட்சம் கையைக் கடிக்கிறது. பேங்கில் 48 லட்சம் இருக்கிறது, அதாவது பன்னிரண்டு மாதம் தாங்கும். இப்போது மாதம் 2 லட்சம் தரும் ஒரு பெரிய வாடிக்கையாளர் விலகப்போவதாகக் கடிதம் அனுப்பிவிட்டார். அவர் போனால் பள்ளம் 6 லட்சமாகும். பன்னிரண்டு மாதம் எட்டு மாதமாகச் சுருங்கும்.

"சந்தை கொஞ்சம் சவாலாக இருக்கிறது, ஒரு முக்கியமான வாடிக்கையாளரிடம் சில கருத்து வேறுபாடுகள், ஆனாலும் நாம் ஒரு குடும்பம்" என்று முதலாளி தொடங்கினால் என்ன ஆகும்? என்ன நடந்தது என்று ஒருவருக்கும் தெரியாது. ஏதோ நடந்திருக்கிறது என்பது மட்டும் எல்லாருக்கும் தெரியும். மதியச் சாப்பாட்டுக்குள் ‘ஆள் குறைக்கப் போகிறார்கள்’ என்ற பேச்சு மாடிப்படி இறங்கிவிடும். (இதில் ‘குடும்பம்’ என்ற சொல் வந்தாலே அனுபவசாலிகள் தங்கள் பயோடேட்டாவைத் தூசு தட்டத் தொடங்குகிறார்கள்.)

அதையே இப்படிச் சொல்லலாம்: "நம்ம பெரிய வாடிக்கையாளர் ஒருத்தர் அடுத்த மாசத்தோட நிறுத்திக்கிறாங்க. மாசம் 2 லட்சம் போகுது. கையில இருக்கிற பணம் பன்னிரண்டு மாசம் வரும்னு போன வாரம் சொன்னேன், இப்ப அது எட்டு மாசம். யாரோட சம்பளத்திலயும் கை வைக்கலை. புதுசா ரெண்டு பேரை எடுக்கிறதா இருந்தோம், அதை நிறுத்தி வைக்கிறோம். பண்டிகை நேரத்துல திருப்பி வந்த சரக்கைப் பதியிற திரை நின்னு நின்னு போச்சுன்னு மூணு தடவை புகார் கொடுத்திருக்காங்க. அதைவிடப் புதுசா ஒரு வசதி சேர்க்கிறதுதான் முக்கியம்னு முடிவெடுத்தது நான். திரையைச் சரிபண்ணி அவங்ககிட்ட எடுத்துட்டுப் போற பொறுப்பை சப்போர்ட் டீம் தலைவர் எடுத்திருக்கார். என்ன ஆச்சுன்னு அடுத்த திங்கள் முதல் வேலையா சொல்றோம்."

சத்தமாகப் படித்தால் ஒரு நிமிடம்கூட ஆகாது. என்ன நடந்தது, எவ்வளவு, கேட்கிறவரின் சம்பளத்துக்கு என்ன, காரணம் யார் எடுத்த முடிவு, இனி யார் பார்க்கிறார், எப்போது தெரியும் என்பதெல்லாம் அதில் வந்துவிட்டது. உட்கார்ந்திருப்பவர் முதலில் தேடுவது சம்பள வரியைத்தான். அது வராதவரை மற்ற எதையும் அவர் மனம் வாங்கிக்கொள்ளாது. அதற்கு அடுத்தபடியாக எல்லாரும் கவனிப்பது ‘முடிவெடுத்தது நான்’ என்ற சொற்களை. அதை மேலே இருப்பவர் சொன்னால்தான், அடுத்த வாரம் டெஸ்டிங் பையனும் தான் தவறவிட்டதைச் சொல்லத் துணிவான்.

இந்த அளவுக்குப் பணக்கணக்கைத் திறந்து வைக்கலாமா என்று பல முதலாளிகள் தயங்குவார்கள். இதில் வெகுதூரம் போய்ப் பார்த்த ஒரு தொழிற்சாலை இருக்கிறது. அமெரிக்காவின் மிசூரி மாநிலத்தில் ஸ்பிரிங்ஃபீல்டு என்ற ஊரில், பழைய எஞ்சின்களைப் பிரித்துப் புதுப்பிக்கும் ஆலை அது. தாய்க் கம்பெனியான இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் நொடித்துக்கொண்டிருந்தபோது, 1983இல் ஜாக் ஸ்டாக் என்ற மேலாளரும் அவருடைய சகாக்களும் அந்த ஆலையைத் தாங்களே வாங்கினார்கள். கைப்பணம் ஒரு லட்சம் டாலர். கடன் கிட்டத்தட்ட 90 லட்சம் டாலர். வேலையாட்கள் 119 பேர்.

ஒரு தவணை தவறினால் கதவு மூடப்படும் நிலை. அதை மறைத்துப் பயனில்லை என்று ஸ்டாக் முடிவு செய்தார். எஞ்சின் துடைக்கும் தொழிலாளிக்கும் லாப நட்டக் கணக்கு படிக்கக் கற்றுக்கொடுத்தார்கள். வாராந்தரக் கூட்டத்தில் கணக்காளர் எழுந்து மொத்தத்தையும் வாசித்துவிட்டு உட்காரும் வழக்கம் அங்கே இல்லை. ஒவ்வொரு வரியையும் அந்த வரிக்குப் பொறுப்பானவரே சொல்வார். மற்றவர்கள் தங்கள் தாளில் குறித்துக்கொள்வார்கள். திட்டமிட்டதற்கும் நடந்ததற்கும் எங்கே இடைவெளி என்பது கூட்டம் முடிவதற்குள் எல்லார் தாளிலும் இருக்கும். பிறகு ஒவ்வொரு பிரிவும் தனியாகக் கூடி அதையே கீழே இருப்பவர்களிடம் கொண்டுபோகும்.

1986 டிசம்பரில் இது சோதனைக்கு வந்தது. ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் 5,000 எஞ்சின்களுக்கான ஆர்டரை ரத்து செய்தது. அடுத்த ஆண்டு வேலையில் சுமார் 40 சதவீதம் அது. எப்படிக் கணக்குப் போட்டாலும் நூறு பேரை வீட்டுக்கு அனுப்ப வேண்டும் என்றே நிர்வாகத்துக்கு விடை வந்தது. அந்தக் கணக்கை அப்படியே தொழிலாளர்கள் முன்னால் வைத்தார்கள். ஆட்களை அனுப்ப வேண்டாம், புதிய வேலைகளைப் பிடிப்போம் என்று தொழிலாளர்கள் பக்கத்திலிருந்தே யோசனை வந்தது. யாரையும் அனுப்பாமல் அந்த ஆண்டைக் கடந்ததோடு, ஆலை புதிதாக ஆட்களையும் சேர்த்தது. ஆனால் ஒன்று. அந்தத் தொழிலாளர்களுக்குக் கம்பெனியில் பங்கு இருந்தது, மூன்று வருடமாக வாரந்தோறும் கணக்குப் பார்த்த பழக்கமும் இருந்தது. இரண்டும் இல்லாத இடத்தில் திடீரென ஒரு திங்கட்கிழமை ‘40 சதவீதம் போச்சு’ என்று அறிவித்தால் மிரட்சிதான் மிஞ்சும். நல்ல வாரங்களிலேயே பேங்க் கையிருப்பைச் சொல்லிப் பழக்க வேண்டும்.

முறை கெட்டுப்போவதைக் கண்டுபிடிக்க அடையாளங்கள் உண்டு. கெட்ட செய்தியெல்லாம் வெளியிலிருந்தே வருகிறதா என்று பார்க்கலாம். மழை, போட்டியாளர், அரசாங்க விதி என்று மட்டும் பட்டியல் ஓடினால், உள்ளே எடுத்த எந்த முடிவும் மேசைக்கு வரவில்லை என்று பொருள். எல்லாமே சரி என்று வரும் அறிக்கை இன்னொரு அடையாளம். 2006இல் ஃபோர்டு கார் நிறுவனத்துக்குத் தலைமை ஏற்க வந்த ஆலன் முலாலி, வாராந்தரக் கூட்டத்தில் ஒவ்வொரு திட்டத்துக்கும் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று நிறம் கொடுக்கச் சொன்னார். கம்பெனி அந்த ஆண்டு ஆயிரம் கோடி டாலருக்கும் அதிகமான நட்டத்தை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது, தாள்களோ பச்சையாகவே வந்தன. கடைசியில் மார்க் ஃபீல்ட்ஸ் என்ற அதிகாரி ஒரு புதிய காரின் பின்கதவுக் கோளாறுக்குச் சிவப்பு போட்டார். அறை உறைந்தது. முலாலி கைதட்டினார், யாரால் உதவ முடியும் என்று கேட்டார். அடுத்தடுத்த வாரங்களில் மற்ற தாள்களிலும் மஞ்சளும் சிவப்பும் எட்டிப்பார்த்தன.

எல்லாக் கெட்ட செய்தியும் பொதுமேடைக்கு உரியதில்லை. ஒருவரின் வேலை போகிறது என்றால் அவர் அதைத் தனியறையில், மீட்டிங்குக்கு முன்பே கேட்டிருக்க வேண்டும். ஒரு குழுவின் திட்டம் கைவிடப்படுகிறது என்றால் அந்தக் குழுவுக்கு முந்தின நாளே தெரிய வேண்டும். உடல்நலக் காரணங்களுக்கு அங்கே இடமே இல்லை. தவறு நடந்த வேலையைப் பற்றிப் பேசலாம், செய்தவரின் பெயரை வேறொருவர் சொல்லக் கூடாது.

முன்னேற்றத்தைச் சொல்லும் பகுதிக்கு விதி குறைவு. முடிந்ததைச் சொன்னால் போதும், ‘முயன்றுகொண்டிருக்கிறோம்’ என்பது முன்னேற்றமாகாது. கெட்டதையும் நல்லதையும் ‘ஆனால்’ போட்டு ஒட்டுவதுதான் அடிக்கடி நடக்கும் பிழை. ஒரு வாடிக்கையாளர் போனதற்கு மூன்று சிறிய கடைகள் புதிதாகச் சேர்ந்தது ஈடு இல்லை. அவை கொண்டுவரும் மாதம் 12 ஆயிரம் ரூபாயைச் சொல்லிவிட்டு, பள்ளம் இன்னும் 6 லட்சத்தை ஒட்டியே இருக்கிறது என்பதையும் சொல்லலாம்.

அடுத்த திங்கள் வருகிறது. புதிய கெட்ட செய்திக்கு முன்னால் பழையதை எடுக்க வேண்டும். திரை சரியாகிவிட்டது, வாடிக்கையாளர் பார்த்தார், நன்றி சொன்னார், இருந்தாலும் வேறு மென்பொருளுக்குப் பணம் கட்டிவிட்டார். இதையும் அப்படியே சொல்ல வேண்டும். கையிருப்பு எட்டு மாதம்தான். சப்போர்ட் டீம் அதே புகாரைக் கொடுத்த மற்ற கடைகளின் பட்டியலை எடுத்திருக்கிறது, வெள்ளிக்கிழமைக்குள் எல்லாருக்கும் போன் போட்டு முடிக்கிறார்கள்.