ஒரு ஷிப்ட் மாற்றமும் மூன்று தாள்களும்

பாடம் நடந்துகொண்டிருக்கும்போது வகுப்பு வாசலில் நீளமான ஒரு நோட்டுடன் பள்ளி உதவியாளர் வந்து நிற்பார். ஆசிரியர் வாங்கிப் படித்துவிட்டு, "சனிக்கிழமை பள்ளிக்கூடம் உண்டு" என்று வகுப்புக்குச் சொல்வார். ஓரத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்ததும் நோட்டு அடுத்த வகுப்புக்குப் போகும். சர்க்குலர் என்பது அதுதான். ஆள் ஆளாகச் சுற்றி வருவதால் தமிழில் சுற்றறிக்கை ஆனது. இன்று பல அலுவலகங்களில் அது மின்னஞ்சலாக வருகிறது. ஆனாலும் அதன் உயிர் அந்தக் கையெழுத்தில்தான் இருக்கிறது: யார் யாருக்குப் போக வேண்டுமோ அவர்கள் எல்லோரும் பார்த்துவிட்டார்கள் என்பதற்கு அதுவே சாட்சி.

நோட்டீஸுக்கு அப்படி ஒரு சாட்சி கிடையாது. பலகையில் ஒட்டியதும் அதன் வேலை முடிகிறது. கடந்து போகிறவர் படித்துக்கொள்ள வேண்டும். மெமோ இரண்டுக்கும் நேர்மாறு. அது பெயர் குறிப்பிட்ட ஒருவரின் கைக்கே போகும். ஆங்கில அகராதியில் மெமோ என்பது அலுவலகத்துக்குள் எழுதிக்கொள்ளும் சாதாரணக் குறிப்பு. நம் ஊரிலோ "அவருக்கு மெமோ கொடுத்துட்டாங்க" என்றால் விளக்கம் கேட்டிருக்கிறார்கள் என்றே பொருள். அரசு அலுவலகங்களில் இதைக் குறிப்பாணை என்பார்கள். தமிழ்நாடு அரசு ஊழியர்களிடையே '17-ஏ', '17-பி' என்று சொன்னாலே போதும். ஒழுங்கு நடவடிக்கை விதிகளில் முதலாவது கண்டனம், ஊதிய உயர்வு நிறுத்தம் போன்ற சிறு தண்டனைகளுக்கான வழி. இரண்டாவது பதவியிறக்கம், பணிநீக்கம் வரை போகக்கூடியது.

ஒரு பஞ்சாலையை வைத்துப் பார்த்தால் மூன்றும் தெளிவாகும். காலை ஷிப்டை ஏழு மணியிலிருந்து ஆறு மணிக்கு மாற்ற நிர்வாகம் நினைக்கிறது. முதலில் தேவைப்படுவது நோட்டீஸ். வேலை நேரத்தை மாற்றுவதானால் பாதிக்கப்படும் தொழிலாளர்களுக்கு முன்கூட்டியே அறிவிக்க வேண்டும், 21 நாள் கழியாமல் மாற்றம் கூடாது என்று 1947-ஆம் ஆண்டின் தொழில் தகராறுகள் சட்டம் வகுத்தது. நோட்டீஸ் எப்படி இருக்க வேண்டும் என்பதை 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் சொன்னது: ஆங்கிலத்திலும், பெரும்பாலான தொழிலாளர்களுக்குப் புரியும் மொழியிலும், முதன்மை வாசலிலோ அதன் அருகிலோ கண்ணில் படும்படி வைக்க வேண்டும். இந்த மொழி விஷயம் கொங்குப் பகுதி ஆலைகளுக்கு இன்று மிக முக்கியம். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து விடுதியில் தங்கி வேலை செய்பவர்களுக்குத் தமிழ் நோட்டீஸ் வெறும் காகிதம்தான்.

அடுத்து சுற்றறிக்கை. ஷிப்ட் மாறினால் கேன்டீன் அடுப்பு முன்னதாக எரிய வேண்டும், வேன் முன்னதாகக் கிளம்ப வேண்டும், வாட்ச்மேன் கேட்டை முன்னதாகத் திறக்க வேண்டும், டைம் ஆபீஸில் வருகைப்பதிவு நேரத்தை மாற்ற வேண்டும். இந்த வேலைகளைப் பலகையை நம்பி விட முடியாது. ஒவ்வொரு பிரிவின் பொறுப்பாளரும் கையெழுத்திட்டு வாங்கும் சுற்றறிக்கைதான் இங்கே பொருந்தும். அதில் எண்ணும் தேதியும் இருக்க வேண்டும். பழைய சுற்றறிக்கை எது ரத்தாகிறது என்ற ஒரு வரியும் வேண்டும். அந்த வரி விடுபட்டால், கேன்டீன்காரர் பழையதைக் காட்டுவார், வேன் ஓட்டுநர் புதியதைக் காட்டுவார்.

புதிய நேரம் நடைமுறைக்கு வந்த பிறகு ஒரு ஃபிட்டர் மூன்று நாள் தாமதமாக வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். இங்கேதான் பல மேலாளர்கள் சறுக்குகிறார்கள். நேரில் கேட்கச் சங்கடப்பட்டு, "சிலர் தாமதமாக வருவது கவனத்துக்கு வந்துள்ளது" என்று எல்லோருக்கும் சுற்றறிக்கை விடுகிறார்கள். சரியாக வருபவர்கள் புண்படுகிறார்கள். தாமதமாக வந்தவர் அது வேறு யாருக்கோ என்று இருந்துவிடுகிறார். அவர் பெயரைப் பலகையில் எழுதி ஒட்டுவது அதைவிட மோசம். அது ஒருவரை ஊரறிய அவமானப்படுத்துவது. கொடுக்க வேண்டியது மெமோ. அதிலும் "அடிக்கடி தாமதம்" என்று மொட்டையாக எழுதினால் நிற்காது. எந்தெந்தத் தேதி, எத்தனை மணிக்கு வந்தார், எந்த விதியை மீறினார், எத்தனை நாளுக்குள் பதில் தர வேண்டும் என்று எழுத வேண்டும். ஆறு மணிக்கு அவர் ஊரிலிருந்து பஸ்ஸே இல்லை என்று பதில் வந்தால், திருத்த வேண்டியது வேன் நேரமாகவும் இருக்கலாம்.

மெமோவை வாங்குபவருக்கும் ஒரு வார்த்தை. வாங்க மறுப்பதால் பயனில்லை. சாட்சி வைத்து மறுப்பைப் பதிவு செய்வார்கள், அல்லது பதிவுத் தபாலில் வீட்டுக்கு அனுப்புவார்கள். வாங்கினேன் என்று கையெழுத்திடுவது குற்றத்தை ஒப்புக்கொள்வது ஆகாது. 'பெற்றுக்கொண்டேன்' என்று எழுதித் தேதி போடுங்கள், ஒரு நகல் எடுத்து வையுங்கள், கெடு முடியும் முன் எழுத்தில் பதில் கொடுங்கள்.